முட்டுச்சந்து இல்லாத நிலவறை

கணினி விளையாட்டுகளில் வரும் நிலவறைகளைப் பெரும்பாலும் சதுரக் கட்டங்களாகவே அமைக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு டைல் உட்கார்ந்திருக்கும்: பாறை, நடைபாதை, வளைவு, அறைச்சுவர், கதவு என்று ஏதோ ஒன்று. ஒவ்வொரு முறை ஆடும்போதும் புது நிலவறை வேண்டுமென்றால், இந்த டைல்களை அடுக்கும் வேலையை நிரலிடமே விட வேண்டும். கண்மூடித்தனமாக அடுக்கினால் பாதை பாறையில் போய் முட்டும், கதவு சுவருக்குள் திறக்கும். அடுத்தடுத்த டைல்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி, ஆனால் முன்கூட்டி ஊகிக்க முடியாதபடி அடுக்குவதற்கு இன்று பரவலாகப் பயன்படும் வழி ‘வேவ் ஃபங்ஷன் கொலாப்ஸ்’ என்ற முறை.

மக்சிம் குமின் என்ற நிரலாளர் 2016-இல் இதை சி ஷார்ப் மொழியில் எழுதி, எவரும் எடுத்தாளும் வகையில் வெளியிட்டார். பெயர் குவாண்டம் இயற்பியலிலிருந்து வந்திருந்தாலும் நிரலில் குவாண்டம் கணக்கு எதுவும் கிடையாது. இதன் முன்னோடி, வட கரோலைனா பல்கலைக்கழகத்தில் பால் மெரல் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட ‘மாடல் சிந்தசிஸ்’ என்ற முறை. கணினியியலில் ‘கட்டுப்பாடுகளை நிறைவு செய்தல்’ என்று பழைய துறை ஒன்று உண்டு. இந்த முறையும் அதன் ஒரு வடிவமே என்பதை ஐசக் கார்த், ஆடம் ஸ்மித் இருவரும் 2017-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார்கள்.

முறை இயங்கும் விதம்

தொடக்கத்தில் எந்தக் கட்டமும் முடிவாகியிருக்காது. ஒவ்வொன்றிலும் எல்லா டைல்களும் வாய்ப்புகளாகவே இருக்கும். எந்த டைலுக்குப் பக்கத்தில் எந்த டைல் வரலாம் என்ற விதிகள் மட்டும் நிரலுக்குத் தெரியும். அதன்பின் இரண்டு வேலைகள் மாறி மாறி நடக்கும்.

முதல் வேலை தேர்வு. வாய்ப்புகள் மிகக் குறைவாக உள்ள, ஆனால் இன்னும் முடிவாகாத ஒரு கட்டத்தை எடுத்து, அதில் மிஞ்சியிருக்கும் டைல்களில் ஒன்றைக் குலுக்கல் முறையில் நிலைநிறுத்துவது. ‘குறைவு’ என்பது வெறும் எண்ணிக்கையல்ல. ஒவ்வொரு டைலுக்கும் எவ்வளவு அடிக்கடி வர வேண்டும் என்ற எடை உண்டு. இரண்டு வாய்ப்புகள் சம எடையில் இருந்தால் அந்தக் கட்டத்தின் நிச்சயமின்மை 1 பிட். ஒன்பதுக்கு ஒன்று என்ற எடையில் இருந்தால் ஏறத்தாழ 0.47 பிட். இந்த அளவுக்கு என்ட்ரோபி என்று பெயர். இரண்டாவது கட்டத்தின் முடிவு ஏறக்குறைய தெரிந்துவிட்டதால் அதுவே முதலில் எடுக்கப்படும். சமமாக இருப்பவற்றுள் எதை எடுப்பது என்பதும் குலுக்கல்தான்.

இரண்டாவது வேலை பரப்புதல். ஒரு கட்டம் முடிவானதும், அதன் பக்கத்துக் கட்டங்களில் இனி பொருந்தாத டைல்கள் நீக்கப்படும். அப்படி நீக்கியதால் அவற்றின் பக்கத்துக் கட்டங்களிலும் சில டைல்கள் ஆதரவிழக்கலாம்; அவையும் நீக்கப்படும். நீக்க எதுவும் இல்லாதபோது பரப்புதல் நின்று அடுத்த தேர்வு தொடங்கும். சுடோகுப் புதிரில் ஓர் எண்ணை எழுதியதும் அதே வரிசையிலும் நிரையிலும் அந்த எண்ணை அடித்துவிட்டு, அதனால் வேறெங்கே ஒரே எண் மிஞ்சுகிறது என்று பார்ப்பதும் இதே வேலைதான்.

எல்லாக் கட்டங்களிலும் ஒரே டைல் மிஞ்சினால் நிலவறை தயார். ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரு டைலும் மிஞ்சாவிட்டால் அதுதான் முரண்பாடு. அந்த இடத்தில் எதை வைத்தாலும் ஏதோ ஒரு பக்கத்தில் விதி மீறப்படும்.

ஒன்பது கட்டங்களில் ஒரு முரண்பாடு

முரண்பாடு எப்படி உருவாகிறது என்பதைச் சிறிய நிலவறை ஒன்றிலேயே முழுமையாகப் பார்க்கலாம். டைல்கள் மொத்தம் ஏழு. நான்கு பக்கமும் மூடிய பாறை ஒன்று. கிடையாகவும் நெடுக்காகவும் போகும் நேர்வழி இரண்டு. இரண்டு அடுத்தடுத்த பக்கங்களை இணைக்கும் வளைவு நான்கு. விதி ஒன்றே: ஒரு டைலின் திறந்த பக்கத்துக்கு எதிரே அடுத்த டைலும் திறந்திருக்க வேண்டும், மூடிய பக்கத்துக்கு எதிரே மூடியிருக்க வேண்டும்.

கட்டங்கள் ஒன்பது:

```
1 2 3
4 5 6
7 8 9
```

சுற்றிலும் வெளிச்சுவர். 4-ஆம் கட்டத்தின் இடப்பக்கத்தில் மட்டும் ஒரு வாசல். அதாவது ஒரே நுழைவாயில் உள்ள நிலவறை. இந்த வகை விளையாட்டுகளில் மிக இயல்பான கோரிக்கை.

வெளிச்சுவரையும் வாசலையும் முதலில் பரப்பினால் நிலைமை இப்படி இருக்கும். 1, 3, 7, 9 ஆகிய மூலைகள் ஒவ்வொன்றிலும் பாறை, அல்லது உள்நோக்கிய வளைவு என இரண்டு வாய்ப்புகள். 2, 6, 8 ஆகியவற்றில் நான்கு வாய்ப்புகள். வாசல் உள்ள 4-இல் மூன்று: வலப்பக்கம் போகும் நேர்வழி, மேலே திரும்பும் வளைவு, கீழே திரும்பும் வளைவு. நடுவில் உள்ள 5-இல் ஏழும். எந்தக் கட்டமும் காலியாகவில்லை. நிரலின் பார்வையில் எல்லாம் சரியாகவே இருக்கிறது.

வாய்ப்பு குறைந்தவை மூலைகள்தான். குலுக்கலில் 1 வந்து, அதில் பாறை விழுந்தது என்று கொள்வோம். உடனே 4-இல் மேலே திரும்பும் வளைவு நீங்கும். 2-இல் பாறையும், வலப்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் இணைக்கும் வளைவும் மட்டும் மிஞ்சும். அடுத்து 3-இலும் பாறை. இப்போது 2-இன் வலப்பக்கம் மூடியிருக்க வேண்டும் என்பதால் அங்கே பாறை மட்டுமே. 5-இன் மேற்பக்கமும் மூடுகிறது. 6-இல் பாறை, இடமும் கீழும் இணைக்கும் வளைவு என இரண்டு. அடுத்து 7-இலும் பாறை. எனவே 4-இல் கீழே திரும்பும் வழியும் போய், வலப்பக்கம் செல்லும் நேர்வழி மட்டும் மிஞ்சுகிறது. 8-இல் பாறை, மேலும் வலமும் இணைக்கும் வளைவு என இரண்டு. இடப்பக்கம் கட்டாயம் திறந்திருக்க வேண்டிய 5-இல் கிடை நேர்வழியும், இடமும் கீழும் இணைக்கும் வளைவும் மட்டுமே நிற்கின்றன.

மிச்சம் உள்ள மூலை 9. அதில் பாறை வைத்தால் 6-இல் பாறை, 8-இலும் பாறை. வாசலிலிருந்து வரும் பாதை 5-க்குள் நுழைந்துவிட்டது. வெளியேற வழி இல்லை. ஒரு பக்கம் மட்டும் திறந்த டைல் நம் ஏழில் இல்லாததால் 5 காலியாகிறது. சரி, 9-இல் வளைவை வைத்தால்? அப்போது 6-இன் இடப்பக்கமும் 8-இன் மேற்பக்கமும் திறந்தாக வேண்டும். 5-க்கு மூன்று பக்கம் திறந்த டைல் வேண்டியிருக்கிறது. அதுவும் நம்மிடம் இல்லை. எப்படிப் போனாலும் 5-ஆம் கட்டத்தில் முரண்பாடு.

தவறு எங்கே

முதல் மூலையில் வளைவை வைத்துத் தொடங்கியிருந்தால் தப்பித்திருக்கலாமே என்று தோன்றும். தப்பித்திருக்க முடியாது. ஏழு டைல்களில் ஒவ்வொன்றுக்கும் திறப்புகள் சுழியம் அல்லது இரண்டு. ஆகவே எத்தனை டைல்களை எப்படி அடுக்கினாலும் மொத்தத் திறப்புகள் இரட்டைப்படை எண்தான். நிலவறைக்கு உள்ளே இருக்கும் திறப்புகள் எதிரெதிரே இரண்டிரண்டாகச் சேர்ந்துவிடும். எனவே வெளிச்சுவரில் மிஞ்சும் திறப்புகளும் இரட்டைப்படையாகவே இருக்க வேண்டும். ஒரே வாசல் என்பது ஒற்றைப்படை. ஒன்பது கட்டங்களானாலும் பத்தாயிரம் கட்டங்களானாலும் இந்த டைல்களைக் கொண்டு ஒற்றை வாசல் நிலவறை அமைக்கவே முடியாது. நாற்சந்தி டைலைச் சேர்த்தாலும் பயனில்லை, நான்கும் இரட்டைப்படை.

இதை நிரல் தொடக்கத்திலேயே ஏன் கண்டுபிடிக்கவில்லை? பரப்புதல் எப்போதும் அடுத்தடுத்த இரண்டு கட்டங்களைத்தான் ஒப்பிடுகிறது. ஒரு டைலுக்குப் பக்கத்தில் ஆதரவான டைல் ஒன்றாவது இருக்கிறதா என்பது மட்டுமே அது கேட்கும் கேள்வி. மொத்தத் திறப்புகள் இரட்டையா ஒற்றையா என்பது எந்த இரண்டு கட்டங்களையும் பார்த்துத் தெரிந்துகொள்ளும் செய்தி அல்ல. அது முழு வரைபடத்தின் செய்தி. அதனால் கடைசிச் சில கட்டங்கள் வரை தவறு மறைந்தே இருக்கிறது.

இங்கிருந்து ஒரு முக்கியமான வேறுபாடு கிடைக்கிறது. முரண்பாடுகள் இரண்டு வகை. ஒன்று, டைல் தொகுப்பும் கோரிக்கையும் பொருந்தாததால் வருவது. எத்தனை முறை முயன்றாலும் தீராது. மற்றொன்று, தீர்வு இருந்தும் குலுக்கலில் தவறான வழியில் போய்விட்டதால் வருவது. வேறு வழியில் போனால் தீரும். இரண்டும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும்: ஒரு காலிக் கட்டம், நின்றுபோன நிரல். ஆனால் மருந்து வேறு.

பிரித்தறிய இரண்டு சோதனைகள் போதும். முதலாவது, மிகச் சிறிய வரைபடத்தில், மூன்றுக்கு மூன்றோ நான்குக்கு நான்கோ, எல்லா வழிகளையும் விடாமல் தேடச் சொல்வது. அங்கே ஒரு தீர்வும் கிடைக்காவிட்டால் சந்தேகம் டைல்கள் மேல் விழ வேண்டும். இரண்டாவது, நூற்றுக்கணக்கான முயற்சிகளில் முரண்பாடு எந்தக் கட்டத்தில், எந்தப் பக்கத்துத் தேவைகளுடன் நிகழ்ந்தது என்று பதிவு செய்வது. வரைபடம் முழுக்கச் சிதறி, அவ்வப்போது மட்டும் வந்தால் குலுக்கலின் விளைவு. ஒவ்வொரு முறையும் வந்தால், அல்லது காலியான கட்டம் எப்போதும் ஒரே வகை டைலைக் கேட்டு நின்றால், அந்த டைலை யாரும் வரையவில்லை என்று பொருள். அறைச்சுவர் டைல்களில் இது அடிக்கடி நேர்வது: சுவரின் வெளிமூலையை வரைந்திருப்பார்கள், இரண்டு அறைகள் ஒட்டும்போது தேவைப்படும் உள்மூலையை மறந்திருப்பார்கள்.

விடுபட்ட டைல்

நம் எடுத்துக்காட்டில் விடுபட்டது முட்டுச்சந்து. ஒரு பக்கம் மட்டும் திறந்த அந்த டைலை நான்கு திசைகளுக்கும் சேர்த்தால் தொகுப்பில் 11 டைல்கள் ஆகும். இப்போது நான்கு மூலைகளிலும் பாறை விழுந்தாலும், 5-இல் பாதை முடிந்துவிடலாம். புதையல் பெட்டியை வைக்கவும் இடம் கிடைக்கிறது.

இந்த 11 டைல்களுக்கு இன்னொரு நல்ல பண்பும் வந்துவிடுகிறது. எந்த டைலில் எந்தத் திறப்பை மூடினாலும் கிடைப்பதும் இதே தொகுப்பில் உள்ள ஒரு டைல்தான். நேர்வழியின் ஒரு முனையை மூடினால் முட்டுச்சந்து. முட்டுச்சந்தை மூடினால் பாறை. ஆகவே எந்த நிலையிலும், இன்னும் முடிவாகாத பக்கங்கள் அனைத்தையும் மூடிவிடுவது செல்லுபடியான ஒரு தீர்வு. தீர்வு எப்போதும் கைவசம் இருப்பதால் இந்தத் தொகுப்பில் முரண்பாடு வரவே வராது. முச்சந்தியும் நாற்சந்தியும் சேர்த்து 16 ஆக்கினாலும் இந்த உறுதி நீடிக்கும்.

இதற்கு விலை உண்டு. எங்கு வேண்டுமானாலும் முடியலாம் என்ற சுதந்திரம் இருந்தால் பாதைகள் நீளாமல் துண்டு துண்டாக நின்றுவிடும். முட்டுச்சந்துக்கு மிகக் குறைந்த எடை கொடுப்பது ஒரு வழி. அப்போது குலுக்கலில் அது அபூர்வமாகவே விழும். ஆனால் வேறெதுவும் பொருந்தாத கட்டத்தில் தானாகவே இடம் பிடிக்கும். டைல்கள் எவ்வளவு கண்டிப்பானவையோ வரைபடம் அவ்வளவு அழகாக அமையும். முரண்பாடும் அவ்வளவு அதிகமாகும். இந்த இழுபறியில் எங்கே நிற்பது என்பதுதான் டைல் தொகுப்பை வடிவமைப்பவரின் உண்மையான வேலை.

குலுக்கலால் வரும் முரண்பாடு

அறைகள், கதவுகள், படிக்கட்டுகள் என்று டைல்கள் பெருகும்போது முழு உறுதி கிடைப்பதில்லை. தீர்வு இருந்தும் நிரல் சிக்கிக்கொள்ளும். அதற்கு மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு குலுக்கலுடன் தொடங்குவது முதல் வழி. குமினின் நிரல் இதைத்தான் செய்கிறது. சிறிய வரைபடத்துக்கு இது போதும். ஆனால் பரப்பளவு கூடினால் நிலைமை வேகமாக மோசமாகும். பத்துக்குப் பத்து வரைபடம் நூற்றுக்குத் தொண்ணூறு முறை வெற்றி பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்பதுக்கு நாற்பது வரைபடத்தில் அத்தகைய பகுதிகள் 16. ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே வெற்றி பெற வேண்டும் என்று தோராயமாகக் கணக்கிட்டால் 0.9-ஐ 16 முறை பெருக்க வேண்டும். வெற்றி நூற்றுக்கு 18 அல்லது 19 முறைதான். நூறுக்கு நூறு வரைபடத்தில் பகுதிகளும் 100. அங்கே வெற்றி ஏறத்தாழ 38,000 முயற்சிகளுக்கு ஒன்று. விளையாடுபவர் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார்.

இரண்டாவது வழி பின்வாங்குதல். எந்தத் தேர்வால் எந்தக் கட்டத்தில் எந்த டைல் நீங்கியது என்று நிரல் வரிசையாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. முரண்பாடு வந்தால், கடைசித் தேர்வுக்குப் பிறகு நீக்கிய டைல்களையெல்லாம் திரும்பச் சேர்த்து, அந்தத் தேர்வை மட்டும் அந்தக் கட்டத்தின் வாய்ப்புகளிலிருந்து நீக்கிவிட்டுத் தொடர்கிறது. அதுவும் முரண்பட்டால் அதற்கு முந்தைய தேர்வுக்குப் போகிறது. காரணம் அண்மையில் எடுத்த தேர்வாக இருந்தால் இரண்டொரு படிகளிலேயே சிக்கல் அவிழ்ந்துவிடும். காரணம் பல நூறு தேர்வுகளுக்கு முன்னால் இருந்தால், இடையில் உள்ள தொடர்பற்ற தேர்வுகளின் எல்லாச் சேர்க்கைகளையும் நிரல் முயன்று பார்த்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நிரல் உறைந்துபோனதாகத் தோன்றும். எனவே பின்வாங்கும் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, அது தாண்டியதும் பல படிகள் ஒரேயடியாகப் பின்னால் தாவுவதோ புதிதாகத் தொடங்குவதோ வழக்கம். ஒற்றை வாசல் எடுத்துக்காட்டில் பின்வாங்குதல் ஒன்பது கட்டங்களில் எல்லா வழிகளையும் தீர்த்துவிட்டுத் ‘தீர்வு இல்லை’ என்று சொல்லிவிடும். பத்தாயிரம் கட்டங்களில் அந்தப் பதில் வரவே வராது.

மூன்றாவது, மெரல் தன் முறையில் கையாண்ட பகுதி பகுதியாகத் திருத்தும் வழி. எல்லாம் பாறை என்பதுபோல் எளிமையான, ஆனால் விதி மீறாத ஒரு முழு வரைபடத்திலிருந்து தொடங்க வேண்டும். அதில் ஒரு சிறு சதுரத்தை மட்டும் அழித்து, அதன் விளிம்பில் உள்ள டைல்களை மாற்றாமல், உள்ளே புதிதாக நிரப்ப வேண்டும். வெற்றி பெற்றால் புதியது நிற்கும். முரண்பாடு வந்தால் அந்தச் சதுரத்தில் பழையதே திரும்ப வரும். பிறகு முந்தையதன்மேல் பாதி படியும்படி அடுத்த சதுரத்துக்கு நகர வேண்டும். எந்தத் தோல்வியும் ஒரு சதுரத்தைத் தாண்டிச் சேதம் செய்யாது. எப்போது நிறுத்தினாலும் முழுமையான வரைபடம் கையில் இருக்கும். பெரிய நிலவறைகளுக்கு இதுவே ஏற்ற வழி. தொடங்குவதற்கு அப்படியொரு வரைபடம் இருந்தாக வேண்டும் என்பதும், விளிம்புகள் அசையாததால் சில பகுதிகள் மாறாமலே தேங்கிவிடலாம் என்பதும் இதன் எல்லைகள்.

முரண்பாடின்றி வரும் பிழை

எல்லாக் கட்டங்களும் நிரம்பி, ஒரு விதியும் மீறப்படாமல் முடிந்த நிலவறையும் விளையாட முடியாததாக இருக்கலாம். வாசலிலிருந்து தொடங்கும் பாதை ஐந்தாவது கட்டத்தில் முடிந்துவிட, மீதி அறைகள் பாறைக்கு நடுவே தனித்தீவுகளாகக் கிடக்கலாம். அக்கம்பக்கத்து விதிகளுக்கு இது குற்றமே அல்ல. எல்லா அறைகளையும் சென்றடைய முடியுமா என்பதும், திறப்புகளின் இரட்டை ஒற்றையைப் போலவே, முழு வரைபடத்தின் செய்தி.

எளிய சோதனை, வாசல் கட்டத்தில் தொடங்கித் திறப்புகள் வழியாக எட்டக்கூடிய கட்டங்களையெல்லாம் குறித்துக்கொண்டே போவது. குறி விழாத அறைகள் மிஞ்சினால் அவற்றைப் பாறையாக்கலாம், அல்லது இடையே சுவரை உடைத்துப் பாதை போடலாம். சுவரை உடைப்பவர் உடைத்த இடத்துக்கு ஏற்ற டைல் தொகுப்பில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நேர்வழியில் பக்கவாட்டு வழி திறந்தால் முச்சந்தி தேவைப்படும். இன்னும் கண்டிப்பான வழி, இணைப்பையே ஒரு கட்டுப்பாடாகப் பரப்புதலோடு சேர்ப்பது. ஒரு கட்டத்தை மூடினால் வாசலுக்கும் ஓர் அறைக்கும் இடையே எந்த வழியும் மிஞ்சாது என்றால், அந்தக் கட்டத்தில் பாறை அப்போதே நீக்கப்படும். டிப்ரோலி என்ற நிரல் தொகுப்பு இந்த வசதியைத் தருகிறது. ஒவ்வொரு படியிலும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டியிருப்பதால் வேகம் குறையும்.

மூன்றாவது போக்கு, முழு அமைப்பையும் இந்த முறையிடம் ஒப்படைக்காமல் இருப்பது. ‘கேவ்ஸ் ஆஃப் கட்’ என்ற விளையாட்டை உருவாக்கியவர்கள் வரைபடத்தை முதலில் வேறு வழிகளில் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, அந்தப் பகுதிகளுக்குள் மட்டும் வேவ் ஃபங்ஷன் கொலாப்ஸை ஓட்டி, பிறகு இணைப்பைச் சரிசெய்கிறார்கள். அக்கம்பக்கத்துப் பொருத்தத்தைக் கவனிப்பதில் இந்த முறை வலுவானது. வாசல்கள் எத்தனை, எந்த அறை எதோடு சேர வேண்டும், புதையல் வாசலிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும் என்பன போன்ற முழு வரைபடக் கேள்விகளை முதலிலேயே வேறோர் இடத்தில் முடிவு செய்து, அந்த முடிவுகளுக்குத் தேவையான டைல்கள் தொகுப்பில் உள்ளனவா என்பதைச் சிறிய வரைபடத்தில் சோதித்துவிட்டால், மிஞ்சும் முரண்பாடுகள் பின்வாங்குதலாலோ ஒரு சதுரத்தை மீண்டும் நிரப்புவதாலோ தீரக்கூடியவையாகவே இருக்கும்.